பார்ட்டியில் யாருக்கு என்ன பெயர்? கேரக்டருக்குப் பெயர் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைஸ் உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில், ஒன்றாகச் சாகசம் போகும் கேரக்டர் குழுதான் பார்ட்டி. புதிய கேம்பெயின் தொடங்கும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன. அதனால் முதல்முறை மட்டும் வரிசையாகப் படியுங்கள்.

ஆளுக்கு ஒரு பேர் வெச்சுட்டு ஆட ஆரம்பிச்சா போதாதா? இதுல யோசிக்க என்ன இருக்கு?

சண்டை வராதவரை போதும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது யார் யாரிடம் பேசுகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாருக்குப் பின் யார் என்று முடிவு செய்ய இனிஷியேட்டிவ் உருட்டிய பிறகுதான் பெயர்களுக்கு உண்மையான வேலை வருகிறது. "இப்ப வேலன், அடுத்து இன்பா, யோசிச்சு வெச்சுக்கோங்க" என்று கேம் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர்களைச் சொல்வார். ஐந்து பேர் கொண்ட பார்ட்டி நான்கு ரவுண்டு சண்டை போட்டால், எதிரிகளைச் சேர்க்காமலே 40 முறை பெயர் கூப்பிட்டாகிவிடும். "யாரைக் காப்பாத்துற?", "யார் பக்கத்துல நிக்கிற?" என்பதெல்லாம் தனிக் கணக்கு.

பெயர்கள் ஒன்றோடொன்று இடித்தால் மூன்று அறிகுறிகள் தெரியும். கூப்பிட்டது ஒருவரை, டைஸை எடுப்பது இன்னொருவர். அல்லது, "யாரு, நானா?" என்ற கேள்வி ரவுண்டுக்கு ஒருமுறை வரும். மூன்றாவதுதான் முக்கியம்: கேம் மாஸ்டர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டு "அந்த விஸார்டு", "நம்ம கிளெரிக்கு" என்று பேசத் தொடங்கிவிடுவார். அவர் தெரிந்து செய்வதில்லை. இடிக்கிற பெயரை வாய் தானாகவே ஒதுக்கிவிடுகிறது.

எத்தனை எழுத்துல பேர் வெச்சா சரியா இருக்கும்?

எழுத்தை எண்ணாதீர்கள், மாத்திரையை எண்ணுங்கள். பள்ளியில் படித்ததுதான்: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஒரு பெயர் வாயில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க இதைவிடக் கைக்கு அடக்கமான அளவுகோல் எனக்குத் தெரியாது.

வேலன் என்றால் வே இரண்டு, ல ஒன்று, ன் அரை, மொத்தம் மூன்றரை. கூப்பிடும் பெயர் மூன்றிலிருந்து ஐந்து மாத்திரைக்குள் இருந்தால் வேகமாகச் சொல்லலாம், காதிலும் தங்கும். ஆறைத் தாண்டினால் இரண்டாவது செஷனிலேயே யாராவது சுருக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்போ ரொம்பச் சின்னதா, "கா", "ரன்" மாதிரி வெச்சா இன்னும் வேகமா சொல்லலாமே?

வேகமாகச் சொல்லலாம், ஆனால் கேட்காது. ஒரே அசையில் முடிந்துவிடும் பெயரின் முதல் ஒலி தவறிப்போனால், மீதியை வைத்து ஊகிக்கக் காதுக்கு எதுவும் மிஞ்சாது. டைஸ் உருளும் சத்தம், ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்குவது, இவற்றுக்கு நடுவில்தான் பெயர் போய்ச் சேர வேண்டும்.

இதை நன்றாக யோசித்து வைத்தவர்கள் விமானத் துறையினர். 1956 முதல் பயன்பாட்டில் இருக்கும் ரேடியோ எழுத்துப் பட்டியலைப் பாருங்கள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று போகும். மொத்தம் 26 சொற்களில் கோல்ஃப், மைக் இரண்டு மட்டும்தான் ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள். மற்றவை எல்லாம் இரண்டு அசை அல்லது அதற்கு மேல். இரைச்சலுக்கு நடுவே புரிய வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீளத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் எழுத்து வேற வேறயா இருந்தா போதும்னு சொல்றாங்களே?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி நெருங்கி இருக்கலாம். செய்யுளில் மோனை பார்க்கும்போது ம-வ, ச-த, ஞ-ந ஆகியவற்றை ஒரே இனமாகவே எடுத்துக்கொள்கிறோம். அகரத்துக்கு ஆகாரமும், இகரத்துக்கு ஈகாரமும் எகரமும் ஏகாரமும், உகரத்துக்கு ஊகாரமும் ஒகரமும் ஓகாரமும் மோனையாக நிற்கும். பாட்டுக்கு எதெல்லாம் ஒத்து ஒலிக்கும் என்று புலவர்கள் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: அந்தப் பட்டியலில் ஒன்றாக நிற்பவை நம் பார்ட்டியில் ஒன்றாக நிற்கக் கூடாது. மாறனும் வேறு, வாசனும் வேறு என்று தாளில் தெரியும். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி.

எதுகைக்கும் இயைபுக்கும் இதே கதைதான். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசி ஒன்றினால் இயைபு. ஒரு ஜோடிப் பெயர்களில் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு சேர்ந்து வந்தால் ஒருவர் பெயரை மாற்றுங்கள்.

எங்க பார்ட்டியில எல்லாப் பேரும் "ன்"லதான் முடியுது. அது பெரிய தப்பா?

தப்பில்லை, ஆனால் பெயரில் ஒரு பகுதியை வீணாக்குகிறீர்கள். எல்லாரும் "-அன்" என்று முடிந்தால் அந்த முடிவு யாரையும் அடையாளம் காட்டாது. வேறுபாடு முழுவதையும் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் சுமக்க வேண்டி வரும்.

ஐந்து பேரில் இருவர் "ன்"னில் முடியட்டும். மற்றவர்களுக்கு ஆ, இ, ஐ, ர் என்று பிரித்துக் கொடுங்கள். ஆண் கேரக்டர் என்றால் "-அன்" வந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நம்பி, சூர்யா, அமுதர் எல்லாம் ஆண் பெயர்கள்தானே.

சொன்னதெல்லாம் சரி. ஒரு முழு பார்ட்டியை எடுத்து எப்படித் திருத்துறதுன்னு காட்ட முடியுமா?

இப்படி ஒரு பட்டியல் வந்தது என்று வைத்துக்கொள்வோம்: வாள்வீரன் தேவன், கிளெரிக் வேதன், வில்லாளி வேலன், விஸார்டு மாலன், ரோக் மேகலா. தனித்தனியாக ஒவ்வொன்றும் நல்ல பெயர். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: தேவன், வேதன், வேலன், மாலன், மேகலா. நாலு பேருக்கு "-அன்". நாலு பேருக்கு முதல் உயிர் ஏ. வேதனும் வேலனும் ஒரே எழுத்தில் தொடங்குகிறார்கள். மாலனும் மேகலாவும் ஒரே மெய்யில், மேலும் ம-வ இனம் என்பதால் நாலு பேரும் ஒரே கூட்டம். தேவனையும் வேதனையும் வேகமாகச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் கலைக்கத் தேவையில்லை. யார் தன் பெயரில் மிகவும் பிடிவாதமாக இருக்கிறாரோ அவரை நங்கூரமாக வைத்துவிட்டு மற்றவர்களை அவரிடமிருந்து தள்ளி வையுங்கள். இங்கே வேலனை ஆடுபவர் அசையவில்லை என்றால் ஏ, வ, ம, "-அன்" நான்கும் அவருக்கு எழுதியாகிவிட்டது. வாள்வீரனுக்கு கடோர் என்று வைத்தால் தொடக்கமும் முடிவும் மாறுகின்றன. கிளெரிக்குக்கு இன்பா: இகரத் தொடக்கம், ஆகார முடிவு. விஸார்டு பெண்ணாக இருக்கலாம் என்று ஆடுபவர் ஒத்துக்கொண்டால் ஆதிரை. ரோக்குக்குச் சுருளி.

இப்போது சொல்லிப் பாருங்கள்: வேலன், கடோர், இன்பா, ஆதிரை, சுருளி. முடிவுகள் ன், ர், ஆ, ஐ, இ. சொல்லின் கடைசியில் வரும் ஐ ஒரு மாத்திரையாகக் குறுகிவிடுவதால், மாத்திரை மூன்றிலிருந்து நான்குக்குள். அசையிலும் பிரிகிறார்கள்: வேலனும் இன்பாவும் தேமா, ஆதிரை கூவிளம், சுருளி புளிமா, கடோர் ஒற்றை நிரை. இரண்டு பேர் தேமாவாக இருப்பது பரவாயில்லை. அவர்களுக்குள் ஒரே இடத்தில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. இந்தப் பட்டியலில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை ஆன்லைன் ஆட்டம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தேமா புளிமா எல்லாம் பரீட்சையோட மறந்தாச்சு. அது தெரியாம முடியாதா?

மேஜையில் தட்டிப் பாருங்கள், அது போதும். வேலன் "டாம்-டம்". சுருளி "டட-ட". ஆதிரை "டாம்-டட". நாலு பேருக்கு ஒரே தட்டு வந்தால் யாராவது ஒருவர் நீளத்தை மாற்ற வேண்டும். அசை பிரிப்பதன் பயன் இதுதான்: எழுத்துகள் சரியாகக் கேட்காதபோதும் தாளம் கேட்கும். பக்கத்து அறையில் யாரோ யாரையோ கூப்பிடும்போது சொல் புரியாது, ஆனால் உங்களைத்தான் என்று தெரிந்துவிடுகிறதே, அது தாளத்தால் வருவது.

பேர் தனியா நல்லாத்தான் இருந்துச்சு. வாக்கியத்துல வந்ததும் இடிக்குதே, ஏன்?

தமிழில் பெயர் தனியாக நிற்பது கூப்பிடும்போதும் எழுவாயாக வரும்போதும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். மேலே சொன்ன வேதனையே எடுத்துக்கொள்ளுங்கள். "நான் வேதனைக் குணப்படுத்துறேன்" என்று வேறொருவர் சொன்னால், யாரைக் குணப்படுத்துகிறார், எந்த வேதனையை? முதல் முறை மேஜையே சிரிக்கும். பத்தாவது முறை யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆகவே பெயரை முடிவு செய்வதற்கு முன் ஐ, க்கு, ஓட, கிட்ட நான்கையும் ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். வல்லின மெய்யில் முடியும் பெயர்கள் இங்கேதான் மாட்டும். "துர்க்" என்று ஓர் ஓர்க் வீரன் இருந்தால் "துர்க்குக்கு எத்தனை ஹிட் பாயின்ட்?" என்று கேட்க வேண்டியிருக்கும், அந்த "க்குக்கு" ஒவ்வொரு தடவையும் நாக்கைத் தடுக்கும். "துர்கோ" என்று ஒரு உயிரைச் சேர்த்தால் "துர்கோவுக்கு" என்று வழுக்கிக்கொண்டு போகும். உயிரில் முடியும் பெயரும், ன், ர், ல் போன்றவற்றில் முடியும் பெயரும் உருபைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

ல, ள, ழ-வை வெச்சு வித்தியாசம் காட்டலாமா? வளவன், வலவன் மாதிரி?

காட்ட முடியாது. உங்களுக்கு உச்சரிப்பு சுத்தமாக இருக்கலாம். மேஜையில் இருக்கும் அனைவருக்கும், அதுவும் அவசரத்தில், இருக்காது. ர-ற, ந-ன-ண வேறுபாடுகளும் அப்படியே. குறில் நெடில் மட்டும் மாறும் ஜோடிகளையும் தவிர்த்துவிடுங்கள். கத்திக் கூப்பிடும்போது குறிலும் நெடிலாகிவிடும்.

ஆங்கில ஃபேன்டஸி மாதிரி பேர் வெச்சாத்தான் எங்களுக்கு மூட் வருது. அதுல என்ன பார்க்கணும்?

தாராளமாக வையுங்கள். ஆனால் வைக்கும் முன் ஒரு சோதனை: பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள், மேஜையில் இருக்கும் மூவரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறிவிட்டது. "ஸ்க்ரித்வால்" என்பதை ஒருவர் "சிக்ரித்வால்" என்பார், ஒருவர் "ஸ்கிருத்வல்" என்பார். மெய்கள் அடுக்கி வந்தால் ஒவ்வொருவர் வாயும் இடையில் தனக்குப் பிடித்த உயிரைச் செருகிக்கொள்ளும். பிறகு ஒரே கேரக்டருக்கு மூன்று பெயர் புழங்கும்.

இந்தச் சோதனை ஒன்றை மட்டும் பிடிக்காது. நம் எழுத்தில் ப ஒன்றுதான், ஒலி இரண்டு. க, ட, த எல்லாம் அப்படியே. பாலின் என்று வன்மையாக ஒருவரும், அதே எழுத்தில் மென்மையாக இன்னொருவரும் பெயர் வைத்துக்கொண்டால் சொல்லும்போது வேறு, இனிஷியேட்டிவ் தாளில் ஒன்று. அதனால் பெயர்ப் பட்டியலை ஒருமுறை சொல்லியும் பாருங்கள், ஒருமுறை எழுதியும் பாருங்கள்.

மேப்ல டோக்கன்ல முதல் எழுத்து மட்டும்தான் எழுதுறோம். தமிழ்ல எழுதினா குழம்புது.

கெ, கே, கொ, கோ நான்கும் இடப்பக்கக் கொம்போடு தொடங்குவதால், சின்ன டோக்கனில் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றாகத்தான் தெரியும். உயிர்க்குறி எதுவாக இருந்தாலும் மெய் வேறாக இருப்பது நல்லது. திருத்திய பார்ட்டியில் வே, க, இ, ஆ, சு என்று ஐந்தும் ஐந்து உருவம். இடித்தால் நிறம் மாற்றிச் சமாளிக்கலாம், பெரிய விஷயமில்லை.

நாங்க டிஸ்கார்டுல ஆடுறோம். அங்க வேற ஏதாவது கவனிக்கணுமா?

இரண்டு விஷயம். குரல் கேட்டதும் தானாகத் திறக்கும் மைக் அமைப்பு வைத்திருந்தால், அது திறப்பதற்குள் பேச்சின் முதல் ஒலி வெட்டுப்பட்டுவிடும். பேசத் தொடங்கும் முதல் சொல்லே பெரும்பாலும் பெயர்தான். ஆகவே ஒவ்வொரு பெயரிலும் முதல் எழுத்தை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பாருங்கள். இங்கேதான் கடோர் மாட்டுகிறான். க போனால் "டோர்". நிலவறைக்குள் ஆடும்போது கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை. "டோர் முன்னாடி நிக்கிறான்" என்றால் யார் எதன் முன் நிற்கிறார்கள் என்று மேப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நேரில் ஆடும் குழுவுக்குக் கடோர் போதும். ஆன்லைன் குழுவுக்கு நான் கோமர் என்று மாற்றுவேன். இப்போது மூன்று பேர் தேமா ஆகிவிடுகிறார்கள்தான். ஆனால் தொடக்க உயிரும் முடிவும் மூவருக்கும் வேறு என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கொஞ்சம் நெகிழும், எல்லாக் கட்டத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கும் பட்டியல் அபூர்வம்.

இன்னொன்று, ஸ், ஃப், ஷ் போன்ற காற்றொலிகள். பழைய தொலைபேசி வழி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸ்-ஐயும் ஃப்-ஐயும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், போனில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். இன்றைய குரல் செயலிகள் இதைவிட எவ்வளவோ அகலமான ஒலியைக் கடத்துகின்றன. ஆனாலும் மலிவான மைக்கும், மின்விசிறிச் சத்தத்தை நீக்கும் வடிகட்டியும் சேர்ந்தால் இந்த ஒலிகளைத்தான் முதலில் தின்னும். ஒரு பார்ட்டியில் காற்றொலியில் தொடங்கும் பெயர் ஒன்று போதும்.

பேர் இடிக்கக் கூடாதது பார்ட்டியோட மட்டும்தானா?

இல்லை. ஆட்டத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சொற்களோடும் இடிக்கக் கூடாது. "ரோலன், ரோல் பண்ணு" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "யாரா" என்று பெயர் வைத்தால் ஒவ்வொரு "யாரு?"வுக்கும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். "நானா", "பாரு", "அடி" போன்றவற்றுக்குப் பக்கத்தில் ஒலிக்கும் பெயர்களும் இதே ரகம். கடோர் சிக்கலும் அடிப்படையில் இதுதான்.

ஆடுபவர்களின் சொந்தப் பெயர்களையும் பட்டியலில் எழுதிவிடுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேஜையில் ஓர் இன்பராஜ் இருக்கும்போது இன்னொருவர் கேரக்டருக்கு இன்பா என்று வைத்தால், இருவரும் சேர்ந்தே திரும்புவார்கள்.

என் கேரக்டர் பேரு "அமரசூரியவர்த்தினி". பெரிசுதான், ஆனா மாத்த மாட்டேன்.

மாற்ற வேண்டாம். அது ஷீட்டில் இருக்கட்டும், அரசவையில் அறிமுகப்படுத்தும்போது வரட்டும். சண்டையில் கூப்பிட ஒரு பெயரை நீங்களே இப்போதே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது, எந்தத் துண்டை வெட்டுகிறோம் என்பதுதான். தொடக்கத்திலிருந்தே வெட்ட வேண்டும் என்பதில்லை. திருத்திய பார்ட்டியில் நீங்கள் ஆறாவது ஆளாகச் சேர்ந்தால், "அமரா" ஆதிரையோடு அ-ஆ மோனையில் சேரும், இன்பாவோடு முடிவில் சேரும். "சூரி" என்றால் சுருளியோடு போய் முட்டும். "வர்தினி" தொடக்கத்தில் வேலனோடும் முடிவில் சுருளியோடும் லேசாக உரசினாலும், கூவிளமாக அந்த இருவரின் தாளத்திலிருந்தும் பிரிந்து நிற்கிறது. நான் அதைத்தான் எடுப்பேன்.

நானும் என் தங்கச்சியும் இரட்டையர்களா ஆடுறோம். பேர் மேட்ச் ஆகணுமே?

பொருளில் மேட்ச் ஆகட்டும், ஒலியில் வேண்டாம். ஒருத்தி அலை, இன்னொருத்தி நுரை என்றால் உறவு எல்லாருக்கும் புரியும். ஆனால் இரண்டுமே "ஐ"யில் முடியும், மாத்திரையும் ஒன்று. கடல் தொடர்பே வேண்டும் என்றால் அலையும் முத்துவும் வையுங்கள். ஒலி ஒற்றுமை வேண்டியே தீரும் என்றால் அதைக் குடும்பப் பெயருக்குத் தள்ளிவிடுங்கள். அது சண்டையில் வராது.

நான் கேம் மாஸ்டர். திடீர்னு யாராவது கடைக்காரன் பேரைக் கேட்டா வாயில வர்றதைச் சொல்லிடுறேன். அது பார்ட்டி பேரு மாதிரியே வந்துடுது.

வரத்தான் செய்யும். அன்று முழுவதும் உங்கள் வாயில் புழங்கும் பெயர்கள் பார்ட்டியின் பெயர்கள்தான், அவசரத்தில் அதே அச்சில்தான் இன்னொன்று வந்து விழும். செஷனுக்கு முன்பே ஐந்தாறு பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி பயன்படுத்தாத தொடக்கங்கள் எவை என்று பார்த்து அங்கிருந்து எடுங்கள். நம் பார்ட்டிக்கு என்றால் பொன்னப்பன், தங்கம், நெடுமால், ஊர்மி என்று போகலாம். பயன்படுத்தியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் யார் என்று குறித்துக்கொண்டால் அடுத்த செஷனுக்கும் உதவும்.

வில்லன் மட்டும் தனி. அவன் பெயர் பார்ட்டியின் பெயர்களுக்கு ஈடாகப் பேசப்படும் என்பதால் அவனையும் ஓர் உறுப்பினராகவே கணக்கில் சேர்த்துச் சரிபாருங்கள். மறுகோடியில் கோப்ளின் கூட்டத்துக்குப் பெயரே வேண்டாம். "ஒத்தைக் காது", "சிவப்புத் தொப்பி", "நொண்டி" என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைச் சொன்னால் யாரை அடிக்கிறோம் என்பது உடனே புரியும். "கோப்ளின் மூணு" என்பதைவிட இது எப்போதும் மேல்.

செத்துப்போன கேரக்டரோட தம்பியா வர்றேன். பேரும் கிட்டத்தட்ட அதே மாதிரி வைக்கலாமா?

வேண்டாம். இறந்தவர் பெயர் அதன் பிறகும் பல செஷன்களுக்குப் பேச்சில் வரும். வேலன் போய் வேளன் வந்தால், இருக்கிறவனைப் பற்றிப் பேசுகிறோமா போனவனைப் பற்றியா என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும்.

எல்லாம் சரியா இருக்கான்னு ஆடறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செஷன் ஜீரோவில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் பெயர்களைக் கலைத்துப் போட்டு, மூச்சுவிடாமல் இருபது முறை படிக்கட்டும். மற்றவர்கள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தங்கள் பெயர் வரும்போது மட்டும் மேஜையைத் தட்டட்டும். தப்பாகத் தட்டிய இடத்தையும் தட்டத் தாமதித்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதையே கிசுகிசுப்பாகப் படியுங்கள். கிசுகிசுக்கும்போது குரல் அதிர்வு போய்விடுவதால், அந்த அதிர்வை மட்டுமே நம்பிப் பிரிந்திருந்த ஜோடிகள் இங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

படிப்பவரின் நாக்கு எங்கே தடுமாறியது என்றும் கேளுங்கள். ஒரே ஜோடி இரண்டு முறை தடுமாறினால் அதில் ஒன்றை மாற்றியாக வேண்டும். ஒரே முறை என்றால் அது வெறும் அவசரமாக இருக்கலாம்.

பாதி கேம்பெயின் தாண்டியாச்சு. இப்பத்தான் ரெண்டு பேர் இடிக்குதுன்னு புரியுது. மாத்தலாமா?

ஷீட்டில் இருக்கும் பெயரை மாற்றாதீர்கள், கதைக்குள் ஒரு பட்டப்பெயரைக் கொடுங்கள். ஒரு பெரிய சண்டையில் மாலன் பாலத்தை எரித்தான் என்றால், அடுத்த ஊரில் அவனை "தீச்சட்டி" என்று கூப்பிடட்டும். கேம் மாஸ்டர் என்.பி.சி. வாய்வழியாக அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சில செஷன்களில் மேஜையும் அதற்கே வந்துவிடும். யார் மாற வேண்டும் என்பதில் தகராறு வந்தால், கேம் மாஸ்டர் ஏற்கெனவே யாரை "அந்த விஸார்டு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று பாருங்கள். அவருடைய பெயர்தான் ஏற்கெனவே தோற்றுவிட்டது.

எதிரி ஒருத்தன் எங்க ஆள் வேஷத்துல வர்றான். வேணும்னே ஒரே பேரு வைக்கலாம்ல?

கதைக்காக வைக்கலாம், குழப்பமே அங்கே விளையாட்டு. ஆனால் உங்கள் இனிஷியேட்டிவ் தாளில் இருவரையும் முன் வேலன், பின் வேலன் என்று பிரித்தே எழுதுங்கள். ஆடுபவர்கள் குழம்பலாம், நீங்கள் குழம்பக் கூடாது. சண்டையில் கூப்பிடும்போது நிற்கும் இடத்தை வைத்துச் சொல்லுங்கள்: "தூண் பக்கத்து வேலன்", "படிக்கட்டு வேலன்". யார் அசல் என்பதை அது காட்டிக்கொடுக்காது, யாருடைய முறை என்பது மட்டும் தெரியும். வேஷம் கலைந்ததும் அந்த ரவுண்டிலேயே எதிரியின் சொந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள். அது வேலனிடமிருந்து எவ்வளவு விலகி ஒலிக்கிறதோ அவ்வளவு நல்லது.